பரனூர் டோலில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்த கதை

மெல்போர்னிலிருந்து மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போனேன். விமானம், இமிகிரேஷன், ஆதார் முகவரி மாற்றம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன, அவற்றை விடுங்கள். அப்பாவின் காரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தை வெள்ளிக்கிழமை, மயிலம் முருகன் கோயிலில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி நான். பத்தரைக்குள் முகூர்த்தம். தாம்பரத்திலிருந்து ஆறரைக்கே கிளம்பிவிட்டோம். பெருங்களத்தூர் தாண்டும் முன்பே வெப்பநிலை முள் நடுக்கோட்டை விட்டு நகர ஆரம்பித்தது. கூடுவாஞ்சேரி சிக்னலில் முக்கால். பரனூர் டோல் வரிசையில் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஏசியும் வெந்நீர் ஆவி போல ஊதியது.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, ஜன்னல்களை இறக்கினேன். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது காருக்குள் கொட்டும். பட்டுப் புடவையில் அம்மா, பட்டுப் பாவாடையில் மகள், அவர்கள் காலடியில் அனல் காற்று. "வெளிநாட்டுல கத்துக்கிட்டதா இது?" என்றார் அம்மா. முள் ஒரு விரல் இறங்கியது. செங்கல்பட்டு தாண்டி 80ல் போனதும் நல்ல பிள்ளையாக நடுவில் வந்து உட்கார்ந்தது. ஏசியும் ஜில்லென்று ஆனது.

எரிச்சல் வந்ததற்குக் காரணம், இரண்டு நாள் முன்புதான் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் இதே புகாருக்காக 6,400 ரூபாய் கட்டியிருந்தேன். ஏசி போட்ட வரவேற்பறை, காபி, டேப்லெட்டில் கையெழுத்து என்று மெல்போர்ன் தோற்றது போங்கள். சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், கூலன்ட் மாற்றினார்கள். பைபாஸில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து "நார்மலா இருக்கு சார்" என்றார்கள். திரும்ப வந்தால் ரேடியேட்டரையே மாற்றிவிடலாமாம்.

பைபாஸில் நார்மலாகத்தான் இருக்கும், புகாரே அதுதானே! வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும், ஃபேன் வேண்டியதில்லை. நெரிசலில் காற்றை இழுக்க ஃபேனை விட்டால் வேறு ஆள் கிடையாது. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலோ தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருந்தாலோ நிலைமை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். எஞ்சின் அதிகம் உழைக்கிற திறந்த சாலையில்தான் முதலில் சூடேறும். இதை அவர்களிடம் சொல்லாமல் இல்லை. "ஃபேன் ஓடுது சார், நாங்க பாத்தோம்" என்றார்கள். அதுவும் உண்மைதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. சாப்பிட்டதும் மச்சான் என்னைத் திண்டிவனத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கூட்டிப் போனார். தகரக் கூரை, வாசலில் பழைய பேட்டரிகள், அறுபது வயதுக்கு மேல் ஒரு பெரியவர். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"டிராஃபிக்ல ஏசி கூலிங் கொறையுதா தம்பி?"

அப்பா தலையாட்டினார். அதற்காகவே இரண்டு தடவை கேஸ் நிரப்பியிருக்கிறாராம். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே ஃபேன்தான் காற்று இழுக்கிறது. நின்றால் ஏசி சுடுவதும், ஓடினால் குளிர்வதும், கூடவே முள் ஏறி இறங்குவதும் ஒரே நோயின் அறிகுறிகள்.

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொன்னார். இந்தக் காரில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றியது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். சுற்றியது. மூன்றாவது தடவை சுற்றவில்லை. பெரியவர் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி.

ஃப்யூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஃபேன் ரிலேயைப் பிடுங்கி, அதே மாதிரி இருந்த ஹாரன் ரிலேயை அங்கே மாற்றிச் செருகினார். அப்போதும் ஃபேன் அசையவில்லை. பிறகு இரண்டு ஒயர் வைத்த ஒரு சின்ன பல்பை ஃபேன் சாக்கெட்டில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. "கரண்ட் இது வரைக்கும் வருது. அப்ப சென்சார், ரிலே, ஒயரிங் மேல பழி இல்ல." சாக்கெட்டை மாட்டிவிட்டு, இறக்கைகளில் கை படாமல், ஸ்குரூடிரைவர் பிடியால் மோட்டாரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். விர்ரென்று ஓட ஆரம்பித்தது.

"பிரஷ் தேஞ்சு போச்சு."

கழற்றிப் பிரித்துக் காட்டினார். மோட்டாருக்குள் கரிப்பொடி. சுற்றும் பாகத்தை உரசியபடி அதற்குக் கரண்ட் கொடுக்கிற இரண்டு கார்பன் பிரஷ்களில் ஒன்று கடுகளவு மிச்சம், சாய்ந்து கிடந்தது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கிய அதிர்ச்சியில் பிரஷ் ஒட்டினால் ஓடும், ஒட்டாவிட்டால் நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்திருப்பார்கள், அந்த நேரம் ஒட்டியிருக்கும்.

வேறு அளவுப் பிரஷ் ஒன்றை எடுத்து அரத்தால் ராவி, ஒயரைப் பற்றவைத்து, பிரஷ் உரசும் செம்புப் பகுதியான காம்யூட்டேட்டரை ஜீரோ நம்பர் உப்புத்தாளால் தேய்த்தார். மெல்போர்னில் இப்படி யாரும் மோட்டாரைப் பிரித்து எனக்குக் காட்டியதில்லை. ஃபேனை முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டு, மணிக்கணக்குக் கூலியோடு பில் நீட்டுவார்கள், அதுவும் அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தால். அதற்காக இதை ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். ராவிய பிரஷ் எத்தனை நாள் வரும் என்று கேட்டதற்கு, "வருஷம் ஓடலாம், அடுத்த தடவை புது மோட்டார் போட்டுடு" என்றார் அவரே.

ஃபேன் வெளியே இருந்தபோது டார்ச் அடித்துக் காட்டினார். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசி, பூச்சி இறக்கை, வேப்பஞ்சருகு எல்லாம் கம்பளி போலப் படிந்திருந்தது. எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினார். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று போகும் வழியே அடைபடும் என்றார். கூலன்ட் பார்க்க ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன், தட்டிவிட்டார். எஞ்சின் இன்னும் சூடாக இருந்தது. ஆவி அடங்காத குக்கரைத் திறக்கிற மாதிரி அது, பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, காரின் முன்பக்கக் கிரில்லில் வைத்துக் கையை எடுத்தார். தாள் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றித் தாளைத் தள்ளிவிடுமாம். அதையும் அவர் பார்த்திருக்கிறார். கூலி 700 ரூபாய்.

திரும்பும்போது பரனூரில் இருபது நிமிடம் நின்றோம். முள் நடுக்கோட்டுக்குச் சற்று மேலே ஏறும், ஃபேன் சத்தம் கேட்கும், இறங்கும். மறுபடி ஏறும், இறங்கும். அம்மா ஏசிக் காற்றில் தூங்கிவிட்டார்.

நான் மெல்போர்ன் வந்து ஒரு மாதம் ஆகிறது. அப்பா தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழித்ததும் காரை ஸ்டார்ட் செய்து, ஏசி போட்டு, கிரில்லில் ஒட்டிப் பார்க்கிறாராம். வாட்ஸப்பில் படம் வருகிறது. நேற்றைய தாளில் சந்திராஷ்டமம் பூராடம், உத்திராடம்.