பச்சை டிக்குடன் இரண்டு ஆண்டுகள்

சென்ற வாரம் நண்பன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். அவனுடைய அலுவலகத்தில் ஊழியர் பயிற்சிக்கு மைக்ரோலேர்னிங் செயலி ஒன்றை வாங்கப் போகிறார்களாம். "நீ இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறாயே, எப்படி இருக்கிறது? ஒரே வரியில் சொல்" என்றான். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

செயலி எப்படி இருக்கும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். நான்கு நிமிடக் காணொளி, முடிந்ததும் மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். சரியானதைத் தொட்டால் பச்சை டிக். தவறினால் அதே கேள்வியை மறுபடியும் கேட்கும், எத்தனை முறை வேண்டுமானாலும். எங்கள் பிரிவு விற்பனையாளர்களின் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் பிரிவு. ஆகவே எங்களுக்குக் கொடுத்தது விரிதாள் பாடத்தொகுப்பு: மொத்தம் 24 குறும்பாடங்கள். வேலைக்கு நடுவே ஒரு நாளைக்கு ஒன்று என்று ஐந்து வாரத்தில் முடித்தேன். எல்லாவற்றிலும் முழு மதிப்பெண்.

முதலில் அந்த முழு மதிப்பெண்ணின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பாடம் முடிந்து ஏறக்குறைய பத்து வாரம் கழித்து, ஒரு விற்பனையாளர் தன்னுடைய கணக்குப் பட்டியலை அனுப்பி, எல்லாப் பில்களுக்கும் பணம் வந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னார். அவர் பட்டியலில் பில் எண்கள். எங்கள் பட்டியலில் பில் எண், தொகை, பணம் அனுப்பிய தேதி. அவருடைய ஒவ்வோர் எண்ணையும் எங்கள் பட்டியலில் தேடித் தேதியை எடுத்து வர வேண்டும். கிடைக்காத எண்ணுக்கு `#N/A` வரும். அதுதான் விடுபட்ட பில். எனக்குத் தெரிந்த வேலை, பச்சை டிக் வாங்கிய வேலை. இப்படி எழுதினேன்:

```
=VLOOKUP(A2,$H$2:$J$400,3)
```

கீழ்வரை இழுத்துவிட்டேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி வந்தது. ஒரு `#N/A` கூட இல்லை. "எல்லாப் பில்களுக்கும் பணம் அனுப்பப்பட்டுவிட்டது" என்று பதில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து விற்பனையாளர் அழைத்தார். மூன்று பில்களுக்குப் பணம் வரவில்லை என்றார். நானோ தேதியோடு ஆதாரம் வைத்திருந்தேன். 1047-ஆம் பில்லுக்கு 12-ஆம் தேதி அனுப்பியிருக்கிறோமே என்று வாதாடினேன். வங்கிக் கணக்கைப் பார்த்தபோது அந்தத் தேதியில் போனது 1046-ஆம் பில்லுக்கான பணம். 1047 எங்கள் பட்டியலிலேயே இல்லை.

நடந்தது இதுதான். அந்தச் சூத்திரத்தில் நான்காவதாக ஒன்று எழுத வேண்டும். `FALSE` என்று எழுதினால், எண் அச்சு அசலாகக் கிடைத்தால் மட்டுமே விடை தரும். எதுவும் எழுதாமல் விட்டால் `TRUE` என்று தானாகவே எடுத்துக்கொள்ளும். அப்போது தேடிய எண் கிடைக்காவிட்டால் அதற்கு முந்தைய சிறிய எண்ணின் விவரத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். எங்கள் பட்டியல் எண் வரிசையில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது. அந்த ஒழுங்குதான் என்னைக் கவிழ்த்தது. வரிசை தாறுமாறாக இருந்திருந்தால் கண்டபடி விடைகள் வந்து அப்போதே சந்தேகம் எழுந்திருக்கும். வரிசை சரியாக இருந்ததால், இருக்கும் பில்கள் எல்லாவற்றுக்கும் சரியான தேதி. இல்லாத மூன்றுக்கு மட்டும் பக்கத்து வீட்டுத் தேதி. நான் எதைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தேனோ, அதை மட்டும் கச்சிதமாக மறைத்துவிட்டது.

சரியான வடிவம் இது:

```
=VLOOKUP(A2,$H$2:$J$400,3,FALSE)
```

இதைச் செயலி சொல்லிக்கொடுக்கவில்லையா? சொல்லிக்கொடுத்தது. ஒன்பதாவது பாடத்தின் மூன்றாவது நிமிடத்தில் தெளிவாகவே சொல்கிறார்கள். அதன் மூன்றாவது கேள்வியே, "அச்சு அசலான பொருத்தத்துக்கு நான்காவதாக எதை எழுத வேண்டும்?" என்பதுதான். `TRUE`, `FALSE` இரண்டும் விடைகளில் இருந்தன. நான் சரியானதைத் தொட்டேன். ஆனால் கேள்வி என்ன செய்கிறது என்று பாருங்கள். நான்காவது ஒன்று உண்டு என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. அன்று மேசையில் எனக்கு மறந்துபோனது `FALSE` என்ற சொல் அல்ல. அப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று. கண்முன் வைத்தால் அடையாளம் காண்பது வேறு, வெற்றுக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்து நினைவிலிருந்து எடுப்பது வேறு. பச்சை டிக் முதலாவதை அளந்துவிட்டு, இரண்டாவதற்குச் சான்றிதழ் கொடுக்கிறது. இரண்டு ஆண்டுகளாக எனக்கு இருக்கும் எரிச்சல் முழுவதும் இந்த ஒன்றில்தான்.

பாடம் முடிந்த ஐந்தாவது வினாடியில் கேள்வி கேட்டால் யாருக்குத்தான் தெரியாது? இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள், மாணவர்களில் ஒரு பகுதியினரை ஒரு பத்தியைத் திரும்பப் படிக்க வைத்தார்கள். மற்றவர்களை, பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதியவர்களே முந்தினார்கள். எங்கள் செயலி அளப்பது அந்த முதல் ஐந்து நிமிடத்தைத்தான்.

இனி நியாயமாகவும் பேச வேண்டும். பதினான்காவது மாதத்தில், செயலியின் அமைப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது "மீள்வினா" என்று ஒரு பொத்தான் தட்டுப்பட்டது. அணைத்து வைத்திருந்தார்கள். அறிவிப்புகள் தொல்லையாக இருப்பதாக ஊழியர்கள் சிலர் குறைப்பட்டுக்கொண்டதால், பயிற்சிப் பிரிவு எல்லோருக்குமே அணைத்துவிட்டதாம். இயக்கிப் பார்த்தேன். பழைய பாடத்திலிருந்து ஒரு கேள்வி, 3 நாள் கழித்து, பிறகு 10, பிறகு 30 நாள் கழித்து வருகிறது. விடைகள் தரப்படுவதில்லை, நாமே தட்டச்சு செய்ய வேண்டும். தவறினால் இடைவெளி மறுபடியும் 3 நாளாகச் சுருங்குகிறது.

முதல் வாரம் அவமானமாக இருந்தது. முழு மதிப்பெண் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் எழுத வரவில்லை. மூன்றாவது மாதத்தில் விரல் தானாக நான்காவது இடத்துக்குப் போகத் தொடங்கியது. ஒரு நாளைக்கு இதற்கு ஆகும் நேரம் ஒன்றரை நிமிடம். நாள் முழுக்க நடக்கும் பயிலரங்கு எதுவும் எனக்கு இதைச் செய்ததில்லை. பாடம் குறுகியது என்பதால் மட்டும் கிடைத்த பலன் அல்ல இது; குறுகியது என்பதால்தான் நாட்களுக்கு இடையில் திரும்பத் திரும்ப நுழைய முடிகிறது. இந்த வகைப் பயிற்சியின் உண்மையான பலம் அங்கே இருக்கிறது, அதைத்தான் அணைத்து வைத்திருந்தார்கள்.

(இந்தச் செயலிகளை விற்க வருகிறவர்கள் எல்லோரும், நாளாக ஆக நினைவு எப்படித் தேய்கிறது என்று சொல்லும் மறதி வளைகோட்டை, எபிங்ஹவுஸ் என்ற உளவியலாளரின் பெயரில் படமாகக் காட்டுகிறார்கள். அவர் 1885-இல் வெளியிட்ட முடிவுகள், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன்மேலேயே சோதித்தவை. அதைப் படத்தின் அடியில் யாரும் எழுதுவதில்லை.)

ஆனால் மீள்வினாவாலும் தீராத ஒன்று உண்டு. அது எனக்கு அடுத்த கணக்கில் தெரிந்தது. `FALSE` எழுதினேன், அடைப்புக்குறியை மூடினேன், எல்லா வரியிலும் `#N/A`. ஒரு பில் கூட இல்லையாம். கண்ணால் பார்த்தால் இரண்டு பக்கமும் அதே எண்கள். ஒரு மணி நேரம் சூத்திரத்தோடு மல்லுக்கட்டினேன். பிறகு பக்கத்து மேசைத் தோழி எட்டிப் பார்த்து, "இந்தப் பக்கத்து எண்கள் எல்லாம் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டியிருக்கின்றனவே, இவை எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன" என்றாள். வேறொரு மென்பொருளிலிருந்து இறக்கிய கோப்பு அது. எனக்கு எண் 1047, விரிதாளுக்கோ 1, 0, 4, 7 என்ற நான்கு எழுத்துகள். இரண்டும் ஒன்றாகாது.

ஐந்தாவது பாடம் இதைப் பற்றியதுதான். தலைப்பே "எண்ணா, எழுத்தா?" அதைப் பார்த்தவுடன் என்ன தேட வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. வேலையில் வரும் கோளாறு தலைப்பு எழுதிக்கொண்டு வருவதில்லை. `#N/A` என்று மட்டும் காட்டும். அதற்குக் காரணம் எழுத்தாகச் சேமித்த எண்ணாக இருக்கலாம், எண்ணின் பின்னால் ஒளிந்திருக்கும் வெற்றிடமாக இருக்கலாம், பில் உண்மையிலேயே இல்லாமலும் இருக்கலாம். எது என்று பிரித்தறிவதுதான் திறன். 24 பாடங்கள் 24 துண்டுகளையும் நன்றாகவே கொடுத்தன. எந்த இடத்தில் எந்தத் துண்டு என்று தேர்ந்தெடுக்கும் வேலைக்கு ஒரு பாடமும் இல்லை. நான்கு நிமிடத்தில் அப்படி ஒன்றை வைக்கவும் முடியாது. ஏனென்றால் அதில் முதல் பதினைந்து நிமிடம் தவறான வழியில் போய்த் திரும்புவதற்கே ஆகும்.

தோழியும் நானும் பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாதம் ஒருமுறை ஒருவர் மற்றவருக்கு இருநூறு வரிப் பட்டியல் ஒன்று தயாரித்துக் கொடுப்பது. அதில் மூன்று கோளாறுகளை ஒளித்து வைப்பது. எவை என்று சொல்வதில்லை. முக்கால் மணி நேரம். கடைசியில் சூத்திரத்தை நம்பாமல் வேறு வழியில் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது: அவர் பட்டியலில் எத்தனை வரி, அதில் எத்தனை எங்களிடம் இருக்கின்றன, எத்தனை இல்லை, கூட்டினால் சரியாக வருகிறதா. `COUNTIF` கொண்டு இரண்டு நிமிடத்தில் முடிகிற இந்தப் பழக்கம் அன்று எனக்கு இருந்திருந்தால், அந்த மூன்று பில்களும் பதில் எழுதுவதற்கு முன்பே வெளியே வந்திருக்கும்.

ஆக, நண்பனுக்கு நான் சொல்ல நினைத்திருந்தது இது: மீள்வினா உள்ளதை வாங்கு, அதை அணைக்க விடாதே, மாதம் ஒரு மணி நேரம் முழு வேலைப் பயிற்சிக்கு ஒதுக்கு, சூத்திரம், குறுக்குவிசை, மாறிய படிவம் போன்ற துண்டு விஷயங்களுக்கு இது அருமையான கருவி.

நேற்று அப்படி எழுதித்தான் வைத்திருந்தேன், நன்றாக இருக்கிறது என்று மட்டும் அவனிடம் சொல்லியும் இருந்தேன். இன்று காலையில் பயிற்சிப் பிரிவிலிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல். இந்தக் காலாண்டில் அதிகமான பச்சை டிக் வாங்கியவருக்குப் பாராட்டாம். அவரை எனக்குத் தெரியும். காணொளியை ஒலி இல்லாமல் ஓடவிட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பார். கேள்வி வந்ததும் விடைகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தொடுவார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, செயலி அதற்குத்தான் இடம் கொடுக்கிறது. அதே மின்னஞ்சலின் கடைசி வரி: கவனச்சிதறலைக் குறைக்க, மீள்வினா வசதி அடுத்த மாதம் முதல் முழுவதுமாக நீக்கப்படுகிறது.

நண்பனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்: "வாங்காதே."

"நேற்று நன்றாக இருக்கிறது என்றாயே?" என்று உடனே கேட்டான். இன்னும் பதில் அனுப்பவில்லை. மாத முடிவுக்குள் என்னுடைய கேள்விகளை நாட்காட்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், 3, 10, 30 என்று இடைவெளி விட்டு. முதல் கேள்வி வரும் திங்கட்கிழமை காலை 9.10-க்கு: "தேடிய பில் பட்டியலில் இல்லாவிட்டால், நீ எழுதிய சூத்திரம் என்ன காட்டும்?"