அவசரத்துக்கு ஊருக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் படிங்க: பி.என்.ஆர். வந்துவிட்டால் டிக்கெட் வந்ததாக ஆகாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 612 சிங்கப்பூர் வெள்ளி போச்சு. நாளுக்கு 24 வெள்ளி அடிப்படைச் சம்பளம் வாங்குகிற எனக்கு அது ஓவர்டைம் சேர்க்காமல் ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு. கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. முகநூலில் தமிழில் விளம்பரம் போட்டு, "24 மணி நேரமும் அவசர டிக்கெட்" என்று வாட்ஸ்அப் நம்பர் கொடுத்து, லிட்டில் இந்தியா பக்கம் மாடியில் ஒரு சின்ன கவுண்டரும் வைத்திருக்கிற மாதிரியான ஏஜென்சி. அந்த மாதிரி நிறைய இருக்கிறது. எப்படி ஏமாற்றினார்கள், எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் துவாஸில் ஒரு ஷிப்யார்டில் ஃபிட்டர், நைட் ஷிஃப்ட். வெல்டிங் நடக்கிற இடத்துக்கு போனைக் கொண்டுபோக விட மாட்டார்கள், லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகணும். மூணு மணி டீ பிரேக்கில் வந்து எடுத்துப் பார்த்தால் ஊரிலிருந்து தங்கச்சி அனுப்பிய மெசேஜ். "அண்ணே அப்பாவுக்கு திடீர்னு மூச்சு". அவ்வளவுதான். அதுக்குப் பிறகு எதுவும் இல்லை. மூச்சு வாங்குதா, மூச்சு நின்னுபோச்சா, ஒன்றும் தெரியவில்லை. அனுப்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன், அது அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. நம் ஊரில் அப்போது மணி பன்னிரண்டரை, பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்கியிருப்பார்கள். சித்தப்பாவும் எடுக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று. வயலுக்கு நடுவில் நின்றுகொண்டு வீடு எரிவதைப் பார்க்கிற மாதிரி. ஃபோர்மேனிடம் சொன்னேன், நல்ல மனுஷன், "நீ கிளம்பு, லீவு ஃபார்ம் நான் பார்த்துக்கிறேன்" என்று விட்டுவிட்டார்.

நேரடியாகத் திருச்சிக்குப் போகிற விமானம் அன்றைக்கு எதிலும் இடம் இல்லை, பள்ளி விடுமுறை நேரம். அப்போதுதான் அந்த விளம்பர நம்பருக்கு மெசேஜ் போட்டேன். ராத்திரி மூன்றரை மணிக்கு ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. வாய்ஸ் காலில் ஒரு பையன். நான் விஷயத்தைச் சொன்னதும், "அண்ணே பதறாதீங்க, அப்பாவுக்கு ஒன்னும் ஆகாது, நானும் தஞ்சாவூர்க்காரன்தான், மதியம் உங்களை ஏத்தி விடுறது என் பொறுப்பு" என்றான். கொழும்பு வழியாகத் திருச்சி, மதிய விமானம், 612 வெள்ளி. கார்டில் கட்டினால் மூணு சதவீதம் கூட ஆகும், பேநவ்வில் போட்டால் உடனே இஷ்யூ பண்ணிடலாம் என்றான். கம்பெனி பெயருக்குத்தான் பணம் போனது, தனி ஆள் பெயருக்கு இல்லை, அதுவும் ஒரு நம்பிக்கை.

பத்து நிமிஷத்தில் பிடிஎஃப் வந்தது. என் பெயர், பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே எழுத்து பிசகாமல். விமான எண், நேரம், ஆறு எழுத்தில் பி.என்.ஆர்., பக்கத்தில் பெரிசாக CONFIRMED. நான் அதோடு விடவில்லை. விமான நிறுவனத்தின் வெப்சைட்டிலேயே போய் அந்த ஆறு எழுத்தையும் பெயரையும் போட்டுப் பார்த்தேன். என் பெயரோடு இரண்டு விமானமும் அப்படியே வந்து நின்றது. இதுக்கு மேல் ஒரு மனுஷன் என்ன பார்க்கணும்? அப்புறம்தான் நிம்மதியாக டார்மிட்டரிக்குப் போய் பையைக் கட்டினேன்.

விடியற்காலையில் தங்கச்சி வேறொரு போனிலிருந்து கூப்பிட்டது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது, இது டைப் பண்ணிக்கொண்டிருக்கும்போதே 108 வந்துவிட்டது, அவசரத்தில் விரல் பட்டு பாதியிலேயே மெசேஜ் போய்விட்டது, ஏறிய கொஞ்ச நேரத்தில் சார்ஜும் செத்துவிட்டது. "மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், நீ பயப்படாத"ன்னு போட வந்தேன்ணே என்று அழுகிறது. புதுக்கோட்டையில் ஐசியுவில் வைத்திருந்தார்கள். இதயம் சம்பந்தப்பட்டது, நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறது, அண்ணன் வந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். நான் மதிய விமானத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா காதிலும் போட்டுவிட்டார்கள்.

சாங்கி ஏர்போர்ட் கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் அந்தம்மா கணினியைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். "இந்த புக்கிங் காலையிலேயே கேன்சல் ஆகிவிட்டது சார், இதுக்கு டிக்கெட்டே போடவில்லை" என்றார். பிடிஎஃபைக் காட்டினேன். அவர்தான் பொறுமையாக விளக்கினார், அதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ளணும்.

ஏஜென்ட் கணினியில் பெயரைப் போட்டு சீட்டைப் பிடித்தவுடனே பி.என்.ஆர். வந்துவிடும். அதுக்கு ஒரு பைசா கட்டத் தேவையில்லை. அந்த பிடிஎஃபில் HK என்று ஒரு குறி இருக்கும், சீட்டு உங்கள் பெயரில் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அதுக்கப்புறம் விமான நிறுவனம் கெடு கொடுக்கும், இத்தனை மணிக்குள் பணம் கட்டி டிக்கெட் போடு என்று. அன்றைக்கே கிளம்புகிற விமானம் என்றால் அந்தக் கெடு சில மணி நேரம்தான். கெடுவுக்குள் டிக்கெட் போடாவிட்டால் கணினியே தூக்கிவிடும். டிக்கெட் போட்டால்தான் 13 இலக்க எண் ஒன்று வரும், முதல் மூணு இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு. 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 603 என்றால் ஸ்ரீலங்கன், 098 என்றால் ஏர் இந்தியா, இப்படி. என் பிடிஎஃபில் அந்த எண் எங்கேயும் இல்லை. நான் வெப்சைட்டில் பார்த்தபோது புக்கிங் நிஜமாகவே உயிரோடுதான் இருந்தது, கெடு முடியவில்லை, அதனால் காட்டியது. என் 612 வெள்ளியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, விமான நிறுவனத்துக்குக் கட்டாமலே விட்டிருக்கிறார்கள். விலை குறையும் என்று காத்திருந்தார்களா, பணத்தை வேறு எதுக்காவது திருப்பினார்களா, அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

அந்தத் தஞ்சாவூர்க்காரனுக்குக் கூப்பிட்டேன். "சிஸ்டம் ப்ராப்ளம் அண்ணே, அரை மணி நேரம் அங்கேயே இருங்க." கவுண்டரை மூடுகிற வரைக்கும் அந்த அரை மணி நேரம் முடியவே இல்லை. பிறகு போன் எடுக்கவில்லை, வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு மட்டும் விழுகிறது. கூட வேலை பார்க்கிறவர்களிடம் கடன் வாங்கி மறுநாள் ராத்திரி விமானத்தில் வேறு டிக்கெட் எடுத்துப் போனேன். அப்பா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், உப்பில்லாமல் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், அதுக்குத்தான் சண்டை. ஆனால் அந்த ஒன்றரை நாள் அவர் "பெரியவன் எங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

திரும்பி வந்து கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை. முதலில் ரீஃபண்ட் ரெக்வெஸ்ட் போட்டாச்சு, ஏர்லைன்ஸ்தான் தரணும் என்றார்கள். விமான நிறுவனத்துக்கு மெயில் போட்டேன், இந்த புக்கிங்கில் டிக்கெட் எதுவும் வழங்கப்படவில்லை, எங்களுக்குப் பணம் வரவில்லை என்று எழுத்திலேயே பதில் வந்தது. கட்டாத பணத்தை அவர்கள் எப்படித் திருப்பித் தருவார்கள்? அதைக் காட்டியதும் கதை மாறியது: நீங்க விமானத்தில் ஏறவில்லை, அதனால் நோ ஷோ, 250 வெள்ளி பிடித்தம் போகத்தான் மீதி. இல்லாத டிக்கெட்டுக்கு நோ ஷோவாம்! ஞாயிற்றுக்கிழமை கவுண்டருக்கே நேரில் போனேன். ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கிறது, முதலாளி இந்தியா போயிருக்கார், வந்ததும் பேசுங்க என்கிறது. அந்தப் பொண்ணைத் திட்டி என்ன ஆகப்போகிறது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே இன்னொரு தம்பி வந்து காசை எண்ணிக் கொடுத்து அதே மாதிரி பிடிஎஃபை வாங்கிக்கொண்டு போகிறான். வெளியே கூப்பிட்டுச் சொன்னேன், 13 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கு என்று. திரும்பிப் போய்க் கேட்டான், "சாயங்காலம் அனுப்புறோம்" என்றார்களாம்.

என் 612 வெள்ளிக்கு இப்போது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் ஆன்லைனில் போட்டிருக்கிறேன், சிங்பாஸ் இருந்தால் போதும், வக்கீல் கிடையாது, 5,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கைக்கு கட்டணம் 10 வெள்ளி. இரண்டு வருஷத்துக்குள் போடணும். மெயில், பேநவ் ரசீது, வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் வைத்திருக்கிறேன்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், ஷிஃப்டுக்கு பஸ் வந்துவிடும், அதனால் சட்டென்று சொல்கிறேன். பணம் கட்டியதும் 13 இலக்க டிக்கெட் எண்ணைக் கேளுங்க, பிடிஎஃபில் இல்லாவிட்டால் விமான நிறுவனத்துக்கே போன் போட்டு "டிக்கெட் இஷ்யூ ஆயிடுச்சா" என்று கேளுங்க, புக்கிங் இருக்கா என்று கேட்டால் இருக்கு என்றுதான் சொல்வார்கள். பட்ஜெட் விமானங்களில் பெரும்பாலும் அந்த எண் இருக்காது, அங்கே அவர்கள் வெப்சைட்டில் பாக்கித் தொகை பூஜ்யமா என்று பாருங்க. முடிந்தால் கார்டில் கட்டுங்க, தகராறு வந்தால் பேங்கில் மறுப்பு போடலாம், பேநவ்வில் அது நடக்காது. ஏஜென்சிக்கு சுற்றுலாக் கழக உரிமம் இருக்கா என்று பட்டியலில் பாருங்க. முடிந்தால் விமான நிறுவனத்தின் ஆப்பிலேயே எடுத்துவிடுங்க.

அப்புறம் ஒன்று, இதே மாதிரி ஏஜென்சியில் மாட்டினவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்க, சேர்ந்து போடலாம். 612 வெள்ளி இன்னும் வரவில்லை.