கொட்டான் என்று தேடுவதா, kottan என்று தேடுவதா?

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் சீர் கொடுக்கும்போது பலகாரமும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுக்கும் பனையோலைக் கூடைக்குக் கொட்டான் என்று பெயர். அதற்கு ஓலையில் சாயம் ஏற்றும் முறையை எழுதி வைக்க வேண்டும் என்று எங்கள் ஆச்சி கேட்டபோது, ஒரே சொல்லை இரண்டு எழுத்துகளிலும் தேடிப் பார்த்தேன். இரண்டும் இரண்டு வேறு உலகங்களைக் காட்டின.

முதலில் kottan என்று தட்டினேன். ஆங்கில எழுத்தில் ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. டகரத்துக்கும் தகரத்துக்கும் t ஒன்றுதான். ஆகவே அந்த ஆறு எழுத்துகளைக் கொட்டான் என்றும் படிக்கலாம், ஆந்தை இனத்துக் கோட்டான் என்றும் படிக்கலாம், கல் வைக்கும் கொத்தன் என்றும்கூடப் படிக்கலாம். போதாததற்குக் கேரளத்து ஆட்பெயர்களும் வந்து கலந்தன. chettinad basket என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தவுடன் குழப்பம் நீங்கியது. விற்பனைத் தளங்கள், விலை, படங்கள், புவிசார் குறியீடு பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் எல்லாம் வரிசையாக வந்தன. வாங்குவதற்கும் படம் பார்ப்பதற்கும் இதுவே நல்ல வழி என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அந்தக் கட்டுரைகள் வெளியூரார்க்காக எழுதப்பட்டவை. ஓலை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. முற்றிய ஓலையா, விரியாத குருத்தா என்பதை அவற்றில் பல சொல்லவில்லை. சாயம் ஏற்றுபவருக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

தமிழ் எழுத்தில் கொட்டான் என்று தேடினால் சொல்லின் உருவத்தில் ஐயமே இல்லை. இடர் வேறிடத்தில் இருக்கிறது. தமிழில் சொல் தனியே நிற்பது குறைவு. கொட்டானில், கொட்டானை, கொட்டான்கள் என்று வேற்றுமையும் பன்மையும் ஒட்டிக்கொள்ளும். தேடுபொறி இவற்றை ஒரே சொல்லாக எப்போதும் எடுத்துக்கொள்வதில்லை. மேற்கோள் குறிக்குள் இட்டால் நிலைமை இன்னும் கடுமை: "ஓலைக் கொட்டான்" என்று இலக்கணப்படி ஒற்று இட்டுத் தேடுபவருக்கு, "ஓலை கொட்டான்" என்று ஒற்று இல்லாமல் எழுதியவரின் பக்கம் தப்பிவிடலாம். இணையத்தில் ஒற்றை விட்டு எழுதுவோர் மிகுதி என்பதால், பிழையான வடிவத்தையும் சேர்த்தே தேட வேண்டியிருக்கிறது. வருத்தமாக இருந்தாலும் அதுதான் பயன் தருகிறது.

```
"ஓலைக் கொட்டான்" OR "ஓலை கொட்டான்" OR கொட்டானில்
```

இப்படித் தேடியபோது வந்த பக்கங்கள் kottan தந்ததைவிட மிகக் குறைவு. ஆனால் அவற்றுள் ஒன்றில் "பனங்குருத்து" என்ற சொல் கிடைத்தது. ஆச்சியிடம் சொன்னதும், "குருத்தோலைதானப்பா வேணும், முத்துன ஓலை மடக்குனா ஒடிஞ்சு போகும்" என்றார். எனக்கு வேண்டிய திறவுகோல் அந்தச் சொல்தான். அதை எந்த ஆங்கில எழுத்துக் கூட்டலும் தந்திருக்காது. குருத்தோலையை kurutholai, kuruttolai, kuruththolai என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்.

அடுத்துக் குருத்தோலை, சாயம் என்று சேர்த்துத் தேடினால் கிறித்தவர்களின் குருத்தோலை ஞாயிறு பற்றிய பக்கங்களே முன்னால் நின்றன. ஒரு சொல்லை விலக்க அதன் முன் கழித்தல் குறி இடுவது வழக்கம் என்பதால் -ஞாயிறு என்று இட்டேன், பாதிதான் குறைந்தது. காரணம் இலக்கணத்தில் இருக்கிறது: வேற்றுமை உருபு ஏறும்போதும் கிழமை போன்ற சொல் சேரும்போதும் ஞாயிறு என்பது ஞாயிற்று என்று திரிந்துவிடுகிறது. ஆகவே இரண்டு வடிவங்களையும் விலக்க வேண்டும்.

```
குருத்தோலை சாயம் பனை -ஞாயிறு -ஞாயிற்றுக்கிழமை
```

இதன் பிறகுதான், குருத்தை வெயிலில் உலர்த்தி, நாராகக் கிழித்து, கொதிக்கும் சாயநீரில் முக்கி, மீண்டும் உலர்த்திப் பின்னும் முறையைத் தமிழில் விளக்கிய பக்கம் கைக்கு வந்தது. ஆச்சி சொன்ன வரிசையும் அதுவே.

இரண்டு வழிகளுக்கும் அகப்படாத ஒரு பகுதியும் உண்டு. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அச்சிட்டு ஏற்றிய பழைய மலர்களும் இதழ்களும் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கிலக் குறியீடுகள். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால், தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்தால் அந்தக் கோப்பு அவ்வகையைச் சேர்ந்தது. அதற்குள் கொட்டானையும் தேட முடியாது, kottan என்றும் தேட முடியாது. குறியீட்டை மாற்றும் கருவியைக் கொண்டு அதை ஒருங்குறிக்கு மாற்றினால்தான் தேடல் தொடங்கும்.