பெரிய திரை, த்ரீடி என்று 1,240 ரூபாயைத் தொலைத்தேன்: அவதார் பார்க்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி வீடு வந்து சேர்ந்ததிலிருந்து வயிறு எரிகிறது. கோபியிலிருந்து கோயமுத்தூருக்கு நான், மனைவி, பையன், மச்சினன் என்று நாலு பேர் போனோம். படம் ‘அவதார்: ஃபயர் அண்ட் ஆஷ்’. டிக்கெட், புக்கிங் கட்டணம், கண்ணாடிக் காசு எல்லாம் சேர்த்து 1,240 ரூபாய். பெட்ரோல் தனி. தியேட்டர் பெயரைச் சொல்லப் போவதில்லை. தானே ஒரு பெயர் வைத்து ‘பெரிய திரை’ என்று விற்கிற மால் தியேட்டர், அவ்வளவுதான்.

இந்தப் படத்தை மற்ற படம் மாதிரி சாதாரணமாக எடுத்துவிட்டுப் பிறகு த்ரீடிக்கு மாற்றவில்லை. எடுக்கும்போதே இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக த்ரீடி கேமராவில் எடுத்தது. அதனால் த்ரீடிதான் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டோம். பெரிய திரையா, சாதாரணத் திரையா என்பதுதான் குழப்பம். புக் பண்ணுவதற்கு முன் தியேட்டருக்கே போன் போட்டேன். எடுத்த தம்பி அவ்வளவு அன்பாகப் பேசினான்.

“பெரிய ஸ்கிரீன்ல த்ரீடி பாக்காம இந்தப் படத்தப் பாத்து என்னங்ணா பிரயோசனம்?”

“புரொஜக்டர் லேசரா, பழைய பல்பா தம்பி?”

“எல்லாம் ஒன்னுதாங்ணா, சூப்பரா இருக்கும், வாங்க.”

அந்த ‘எல்லாம் ஒன்னுதாங்ணா’வில்தான் ஏமாந்தேன். தெரியாமல் சொன்னானோ, தெரிந்தே சொன்னானோ.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் பையன், “அப்பா, கரண்ட் கம்மியா வருதா?” என்று கேட்டான். சாம்பல் கூட்டத்து ஆட்கள் வரும் காட்சிகளில் முகமே தெரியவில்லை, சாயங்காலம் ஏழு மணிக்கு லைட் போடாத வீட்டுக்குள் உட்கார்ந்த மாதிரி. கண்ணாடிதான் அழுக்கோ என்று துடைத்தேன். கழற்றிப் பார்த்தால் படம் இரட்டையாகத் தெரிந்தாலும் பளிச்சென்று இருந்தது. திரும்பப் போட்டால் மறுபடி அதே இருட்டு.

விஷயம் இதுதான். த்ரீடியில் வெளிச்சம் இரண்டு கண்ணுக்குப் பிரிகிறது. லென்ஸுக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியும் நம் கண்ணாடியும் மீதியைக் குடித்துவிடும். திரை வெளிச்சத்தை ஃபுட்-லாம்பர்ட் என்ற அலகில் அளப்பார்கள், சாதாரணப் படத்துக்கு 14 என்பது தர அளவு. த்ரீடியில் கண்ணாடி வழியாக வருவது பல இடங்களில் நாலு, ஐந்துதான். இதில் திரை அளவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 40 அடி அகலத் திரையை 60 அடி ஆக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகிறது. அதே பல்பு என்றால் ஒவ்வொரு இடத்திலும் விழும் வெளிச்சம் பாதிக்கும் கீழே. பெரிய திரைக்கு அதற்கேற்ற லேசரோ பெரிய விளக்கோ வேண்டும். பல்பு பழசாகும்போது வெளிச்சம் இன்னும் குறையும், ஆனால் எரியும்வரை அதை மாற்றத் தியேட்டர்காரர்களுக்கு மனசு வராது போலிருக்கிறது. முன்னே ஈரோட்டில் அவதார் இரண்டாம் பாகத்தைச் சின்னத் திரையில் த்ரீடி பார்த்தேன், கண் கூசாத குறைதான்.

இடைவேளையில் டார்ச் வைத்திருந்த பையனிடம் சொன்னேன். “அது இருட்டு சீனுங்க” என்றான். சரி, பகல் காட்சியும் மங்கலாகத்தானே இருக்கிறது என்றதும் மேனேஜரைக் கைகாட்டினான். மேனேஜர், “டைரக்டரே அப்படித்தானுங்க எடுத்திருக்காரு, பொட்டி வந்ததையே ஓட்டுறோம்” என்றார். பொட்டி எங்கே இப்போது வருகிறது, ஹார்ட் டிஸ்கில் வருகிறது! வேறு காட்சிக்கு மாற்றித் தரச் சொன்னேன். “புக் பண்ணின ஆப்புல கேளுங்க” என்றார். ஆப்பில் கேட்டால், “காட்சி நடந்து முடிந்துவிட்டதால் பணம் திரும்பாது, தியேட்டரை அணுகவும்” என்று பதில். இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, 1,240 ரூபாய் போயே போச்சு. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், வரும்போது மனைவிக்குத் தலைவலி வேறு.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கோபத்தில் ஓடவில்லை. லேசர் புரொஜக்டர் என்று உறுதியாகச் சொல்லாத பெரிய திரையில் த்ரீடி வேண்டாம். அதற்குச் சின்னத் திரை த்ரீடியே மேல், அதுவும் இல்லையென்றால் கண்ணாடி இல்லாத சாதாரணக் காட்சிக்குப் போங்கள், முகமாவது தெரியும். நடுவில் சீட் எடுங்கள், த்ரீடிக்காக வெள்ளிப் பூச்சுத் திரை போட்ட தியேட்டரில் ஓரத்தில் இன்னும் மங்கும். முதல் பத்து நிமிடத்தில் மங்கலாகத் தெரிந்தால் எழுந்துபோய் அப்போதே சண்டை போடுங்கள். நான் இடைவேளை வரை பொறுத்ததுதான் தப்பு.