எந்த வகை வீடியோவுக்கு எத்தனை வாரம் ஒதுக்கலாம்? மூன்று கணக்குகள், மூன்று காலண்டர்கள்

பழைய வீடியோக்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்து, எந்த வகை நன்றாக ஓடியது என்று பார்த்து, அடுத்த இரண்டு மாதக் காலண்டரைப் போடுவது யூடியூப் சேனல் நடத்துபவர்கள் பலரும் செய்வதுதான். ஆனால் "நன்றாக ஓடியது" என்பதை எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறிவிடும். ஒரே சேனல், அதே வீடியோக்கள், மூன்று விதமான கணக்கு. இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலில் பிரிப்பது பற்றிக் கொஞ்சம். ஒரு வீடியோவுக்கு ஒரே வகைதான் கொடுக்க வேண்டும். இரண்டு வகையிலும் சேர்த்தால் அதே வியூஸ் இரண்டு பக்கமும் ஏறிவிடும். எந்த வகை என்று குழப்பம் வந்தால், உள்ளே என்ன பேசியிருக்கிறோம் என்பதைப் பார்க்காமல், தலைப்பும் தம்ப்நெயிலும் என்ன சொல்லி ஆளை உள்ளே இழுத்தன என்று பாருங்கள். இன்னொன்று, வகை எழுதும்போது ஷீட்டில் வியூஸ் இருக்கும் பத்தியை மறைத்துவிடுங்கள். எண் கண்ணில் பட்டால், நன்றாக ஓடிய வீடியோவை நமக்குப் பிடித்த வகைக்குள் தள்ளிவிடக் கை தானாகப் போகும்.

ஷார்ட்ஸைத் தனியாக எடுத்துவிட வேண்டும். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று யூடியூப் எண்ணுகிறது. அதற்கு முந்தைய எண்ணோடும் சரி, நீள வீடியோக்களின் எண்ணோடும் சரி, அதை ஒப்பிட முடியாது.

சரி, கணக்குக்கு வருவோம். புகைப்படக்கலை பற்றிய ஒரு சேனலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐம்பது வீடியோ வரை இருக்கிறது, வாரம் ஒன்று வருகிறது. அதில் மூன்று வகைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: லென்ஸ் விமர்சனம், எடிட்டிங் பாடம், வெளியே போய்ப் படம் எடுக்கும் அனுபவம். வகைக்கு ஆறு வீடியோ.

| வகை | இன்றுவரையான வியூஸ், சராசரி | முதல் 28 நாள் வியூஸ், இடைநிலை | அந்தக் காலத்துச் சேனல் அளவோடு ஒப்பிட்டால் |
|---|---|---|---|
| விமர்சனம் | 19,000 | 2,300 | 0.8 மடங்கு |
| பாடம் | 11,500 | 4,050 | 1.5 மடங்கு |
| அனுபவம் | 5,800 | 5,050 | 0.9 மடங்கு |

ஒவ்வொரு பத்தியிலும் முதலிடம் வேறு வகைக்குப் போவதைக் கவனியுங்கள்.

முதல் கணக்குதான் எளிது. மொத்த வியூஸைக் கூட்டி வகுத்தால் முடிந்தது. அதில் விமர்சனம் ஜெயிக்கிறது. ஆனால் ஆறு விமர்சனங்களில் ஒன்று மட்டும் 90,000 வியூஸ் வாங்கியிருக்கிறது. மற்ற ஐந்தும் சேர்ந்து 24,000. அந்த ஒன்று ஏன் ஓடியது என்பதை அதன் Traffic source பகுதியில் பார்க்கலாம். பெரும்பங்கு யூடியூப் தேடலிலிருந்து, அதுவும் ஒரே லென்ஸின் பெயரைத் தேடியவர்களிடமிருந்து வந்திருந்தால், அது அந்த லென்ஸ் சந்தைக்கு வந்த நேரத்தின் பலன். அடுத்த விமர்சனத்துக்கும் அது கிடைக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. அனுபவ வீடியோக்கள் இந்தக் கணக்கில் கடைசியில் நிற்பதற்கும் காரணம் இருக்கிறது: அவை எல்லாமே புதியவை, வியூஸ் சேர்வதற்கு இன்னும் காலம் கிடைக்கவில்லை.

இரண்டாவது கணக்கு இந்த இரண்டு கோளாறையும் சரிசெய்கிறது. எல்லா வீடியோவுக்கும் வெளியான முதல் 28 நாள் வியூஸை மட்டும் எடுக்கிறோம். 28 நாள் ஆகாதவற்றை விட்டுவிடுகிறோம். சராசரிக்குப் பதில் வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணை எடுக்கிறோம். விமர்சனங்களின் 28 நாள் எண்கள் 1,900, 2,100, 2,200, 2,400, 2,600, 31,000. சராசரி போட்டால் 7,000-ஐத் தாண்டும். இடைநிலை 2,300 மட்டுமே. ஆறில் ஐந்து வீடியோக்கள் அந்த இடைநிலைக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன.

```
=MEDIAN(FILTER(D2:D60, B2:B60="பாடம்"))
```

இங்கே B வகை, D 28 நாள் வியூஸ். ஒவ்வொரு வீடியோவுக்கும் தேதி வைத்து இந்த எண்ணை எடுப்பது கொஞ்சம் சலிப்பான வேலைதான். ஒரு முறை செய்துவிட்டால், அப்புறம் வாரம் ஒரு வரி சேர்த்தால் போதும்.

பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதன்படி அனுபவ வகைதான் முதலிடம். ஆனால் அந்த ஆறும் சேனல் வளர்ந்த பிறகு வந்தவை. அந்த மாதங்களில் எந்த வீடியோ போட்டாலும் 5,500 சுமாராக வந்துகொண்டிருந்தது. பாடங்களோ சேனல் சிறியதாக இருந்தபோது, சுற்றியிருந்த வீடியோக்கள் 2,700 வாங்கிய காலத்தில், 4,000-ஐத் தொட்டவை. ஆகவே மூன்றாவது கணக்கில், ஒரு வீடியோவின் 28 நாள் வியூஸை அதற்கு முன்னும் பின்னும் வந்த ஐந்தைந்து வீடியோக்களின் இடைநிலையால் வகுக்கிறோம். தேதி வரிசையில் இருக்கும் ஷீட்டில் 12-வது வரிக்கு:

```
=D12/MEDIAN(D7:D11, D13:D17)
```

ஒரு பாடம் 4,200 வாங்கியது, அதைச் சுற்றியிருந்தவற்றின் இடைநிலை 2,800 என்றால் 1.5 வரும். இந்த மடங்குகளின் இடைநிலையை வகைவாரியாக எடுத்தால் பாடம் மேலே வருகிறது; அனுபவம் சேனலின் வழக்கமான அளவுக்குச் சற்றுக் கீழேதான்.

காலண்டருக்கு நான் நம்புவது இந்த மூன்றாவதைத்தான். எட்டு வாரம் இருந்தால் நாலு பாடம், இரண்டு அனுபவம், ஒரு விமர்சனம், ஓர் இடம் புதிதாக எதையாவது முயன்று பார்க்க. முதல் கணக்கை நம்பியிருந்தால் எட்டில் பாதி வாரங்கள் விமர்சனத்துக்குப் போயிருக்கும்.

அதற்காக முதல் கணக்கை முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தேடலில் மெதுவாக ஏறும் வீடியோக்களை 28 நாள் கணக்கு குறைத்துக் காட்டும். வியூஸில் பாதிக்கு மேல் தேடலிலிருந்து வரும் சேனலுக்கு, ஒரு வருடம் நிறைந்த வீடியோக்களை மட்டும் எடுத்து, முதல் 365 நாள் வியூஸை இதே முறையில் வகுத்துப் பார்ப்பதுதான் நியாயம். புதிய வகைகள் அதில் இடம்பெறாது என்பது அதன் குறை.

மூன்றாவது கணக்குக்கும் வரம்பு உண்டு. ஐந்துக்குக் குறைவாக வீடியோ இருக்கும் வகையை வரிசைப்படுத்தாமல் "இன்னும் சோதனையில்" என்று விட்டுவிடுவது நல்லது. இரண்டு வீடியோவின் இடைநிலை எதையும் சொல்லாது. இன்னொரு சிக்கல், மாதம் ஒரு பாடம் வந்தபோது கிடைத்த 1.5 மடங்கு, மாதம் இரண்டு வரும்போதும் அப்படியே நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் புதிய பாடம் ஒவ்வொன்றும் 28 நாள் நிறைந்ததும் அதன் மடங்கைப் பழைய ஆறோடு வைத்துப் பாருங்கள். பின்னால் ஐந்து வீடியோ வந்திருக்காது என்பதால், முந்தைய பத்து வீடியோக்களின் இடைநிலையால் வகுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து மூன்று பாடங்கள் 1-க்குக் கீழே வந்தால், அடுத்த காலண்டரில் பாடத்தை இரண்டாகக் குறைத்து, மிச்சமாகும் இரண்டு இடங்களையும் சோதனைக்குக் கொடுத்துவிடலாம்.