போரோஹைட்ரைடுகள் மூன்று, அமீன்கள் மூன்று: எதற்கு எது?

ஆல்டிஹைடு அல்லது கீட்டோனை அமீனோடு சேர்த்து, உருவாகும் இரட்டைப் பிணைப்பை ஒடுக்கிப் புது அமீன் செய்வதுதான் ஒடுக்க அமினேற்றம். காகிதத்தில் இரண்டே அம்புக்குறி. ஆய்வகத்தில் அதற்கு மூன்று போட்டியாளர்கள்: சோடியம் போரோஹைட்ரைடு (NaBH4), சோடியம் சயனோபோரோஹைட்ரைடு (NaBH3CN), சோடியம் டிரைஅசிட்டாக்ஸிபோரோஹைட்ரைடு (NaBH(OAc)3). கடைசிப் பெயரை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது, எல்லோரும் ஸ்டாப் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இவற்றில் எது வலிமையானது என்று தேடிக்கொண்டு போனால் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: நாம் ஒடுக்க நினைக்கும் பொருள் குடுவையில் உருவாகி நமக்காகக் காத்திருக்குமா, இல்லை கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுமா? ஓரிணைய அமீனும் ஆல்டிஹைடும் சேர்ந்தால் இமீன் வரும். அது நடுநிலையான பொருள், காத்திருக்கும். ஈரிணைய அமீன் சேர்ந்தால் நைட்ரஜனில் கழற்ற ஹைட்ரஜன் மிச்சமில்லாததால் இமீன் வராது. நேர்மின்சுமை கொண்ட இமினியம் அயனிதான் வரும், அதுவும் சமநிலையில் சிறிதளவு மட்டும். மீதியெல்லாம் ஆல்டிஹைடாகவே இருக்கும். தேர்வு முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

காத்திருக்கும் இமீனுக்கு NaBH4 போதும்

பென்சால்டிஹைடும் பென்சைலமீனும் சேர்ந்து டைபென்சைலமீன், அதாவது ஓர் ஈரிணைய அமீன், கொடுக்கும் வினையை எடுத்துக்கொள்வோம். தலா 10 மில்லிமோல் என்றால் ஆல்டிஹைடு 1.06 கிராம், அமீன் 1.07 கிராம். மெத்தனாலில் இரண்டையும் கலந்து அறை வெப்பநிலையில் சில மணி நேரம் கலக்கிவிட்டால் இமீன் ஏறக்குறைய முழுதாக உருவாகிவிடும். அதன் பிறகு பனிக்கட்டித் தொட்டியில் குளிரவைத்து, 0.38 கிராம் NaBH4-ஐ சிறிது சிறிதாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நுரை பொங்கும். மெத்தனாலே போரோஹைட்ரைடைத் தின்று ஹைட்ரஜனை விடும் என்பதால் அதில் ஒரு பங்கு வீணாகும். ஒரு மூலக்கூறில் நான்கு ஹைட்ரைடு இருப்பதால் அது பெரிய நஷ்டமில்லை.

அவசரப்படுவதுதான் இங்கே ஆபத்து. NaBH4-க்கு ஆல்டிஹைடு என்றால் கொள்ளை ஆசை. இமீன் முழுதாக உருவாகும் முன் அதைப் போட்டால் மிச்ச ஆல்டிஹைடு நிமிடங்களில் பென்சைல் ஆல்கஹாலாகிவிடும், திரும்பிவரும் வழி கிடையாது. இமீன் முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டி.எல்.சி.யை நம்ப வேண்டாம். சிலிக்காத் தகட்டில் இமீன் உடைந்து ஆல்டிஹைடாகவே ஓடும், வினை நடக்கவே இல்லை என்று தோன்றும். புரோட்டான் என்.எம்.ஆர் நேர்மையானது. ஆல்டிஹைடு ஹைட்ரஜன் 10.0 பி.பி.எம். அருகிலும், இமீனின் CH=N ஹைட்ரஜன் 8.4 அருகிலும் தெரியும். இரண்டின் பரப்பளவை ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். மாதிரியை ஆவியாக்கிப் பார்த்தால் நீரும் சேர்ந்து வெளியேறி, சமநிலை இமீன் பக்கம் நகர்ந்து, குடுவையில் இருப்பதைவிட நல்ல படம் காட்டும். அதனால் வினையையே டியூட்டீரியம் மெத்தனாலில் சிறிய அளவில் செய்து பார்ப்பது மேல்.

ஒடுக்கம் முடிந்த பிறகும் அதே என்.எம்.ஆர் கதையைச் சொல்லும். டைபென்சைலமீனின் CH2 3.8-இல் நிற்கும், இமீனின் CH2 4.8-இல் நின்றது மறைந்திருக்கும். 4.7 அருகே ஒரு சிகரம் முளைத்தால் அது பென்சைல் ஆல்கஹால், அதாவது அவசரத்தின் தடயம். நல்ல வேளையாக அதை நீக்குவது சுலபம். கலவையை அமிலநீரில் எடுத்தால் அமீன் நீருக்குள் போகும், ஆல்கஹால் கரிமக் கரைப்பானில் தங்கும். (டைபென்சைலமீனின் ஹைட்ரோகுளோரைடு நீரில் அவ்வளவு எளிதில் கரையாது. வெண்படிவம் கண்டு பதற வேண்டாம், அதை வடிகட்டிக் கழுவிக் காரம் சேர்த்தாலும் சரி.) ஆனால் மீந்த பென்சைலமீனை அமிலத்தால் பிரிக்க முடியாது, அதுவும் அமீன்தான். ஆகவே இந்த இரண்டு கட்ட முறையில் ஆல்டிஹைடை ஒரு துளி அதிகமாக வைப்பதே எனக்குப் பிடித்தது.

காத்திருக்காத இமினியத்துக்கு ஸ்டாப்

இப்போது பென்சைலமீனுக்குப் பதில் மார்ஃபோலின் போடுவோம். இலக்கு N-பென்சைல்மார்ஃபோலின், ஒரு மூவிணைய அமீன். மேலே சொன்ன மெத்தனால் முறையை அப்படியே செய்தால் பெரும்பாலும் பென்சைல் ஆல்கஹாலும் தொடாத மார்ஃபோலினும்தான் கிடைக்கும். காத்திருந்து பயனில்லை. எவ்வளவு நேரம் விட்டாலும் இமினியம் குவியாது, ஆல்டிஹைடுதான் குவிந்து கிடக்கும்.

ஆகவே ஆல்டிஹைடைத் தொடாமல் இமினியத்தை மட்டும் கடிக்கும் ஒடுக்கி வேண்டும். ஸ்டாபில் போரானைச் சுற்றி மூன்று அசிட்டாக்ஸி குழுக்கள் எலக்ட்ரானை இழுத்துக்கொண்டிருக்கும், இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். மிஞ்சிய ஒற்றை ஹைட்ரைடு மந்தமாகிவிடும். நேர்மின்சுமையுள்ள இமினியத்துக்கு அதைத் தரும், ஆல்டிஹைடுக்கு மிக மெதுவாகத்தான் தரும், சாதாரணக் கீட்டோன்களை ஏறக்குறையக் கண்டுகொள்ளாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே குடுவையில் ஒரே நேரத்தில் போடலாம். இந்த முறையை 1996-இல் அப்தெல்-மகித் குழு விரிவாக எழுதியது, அதன் பிறகு இதுவே பல ஆய்வகங்களில் முதல் தேர்வானது.

அளவுகள் இப்படி இருக்கும்: பென்சால்டிஹைடு 10 மில்லிமோல், மார்ஃபோலின் 10.5 மில்லிமோல், 1,2-டைகுளோரோஈத்தேன் அல்லது டெட்ராஹைட்ரோஃபியூரான் சுமார் 35 மில்லி, ஸ்டாப் 14 மில்லிமோல். எடையில் இது 2.97 கிராம். அங்கே 0.38 கிராமில் முடிந்த வேலைக்கு இங்கே எட்டு மடங்கு திடப்பொருள் கொட்ட வேண்டியிருக்கிறது. ஒரு மூலக்கூறுக்கு ஒரே ஹைட்ரைடு என்பதன் விலை அது. வினை டைகுளோரோஈத்தேனில் வேகமாக நடக்கும், ஆனால் அது புற்றுநோய் அபாயமுள்ள கரைப்பான். ஆல்டிஹைடு வினைகளுக்கு டெட்ராஹைட்ரோஃபியூரானே போதும் என்பது என் கருத்து. மெத்தனாலும் நீரும் கூடவே கூடாது, ஸ்டாப் அவற்றில் சிதைந்துவிடும். முடிவில் 3.5 பி.பி.எம். அருகே பென்சைல் CH2 தெரிந்தால் பொருள் வந்துவிட்டது.

கவனித்தீர்களா, இங்கே அமீனைத்தான் கொஞ்சம் அதிகம் வைத்திருக்கிறோம். இதே முறையில் ஓரிணைய அமீன் போட்டால் ஒரு சங்கடம் உண்டு. உருவாகும் ஈரிணைய அமீன் மிச்ச ஆல்டிஹைடோடு மறுபடி சேர்ந்து மூவிணைய அமீனாகும். பென்சைலமீன் என்றால் டிரைபென்சைலமீன் எட்டிப் பார்க்கும். அதனால்தான் ஈரிணைய அமீன் வேண்டும்போது ஆல்டிஹைடுகளுக்கு NaBH4-இன் இரண்டு கட்ட முறையையே நான் தேர்வேன். அதில் ஒடுக்கி உள்ளே வருவதற்குள் ஆல்டிஹைடு ஏறக்குறையத் தீர்ந்திருக்கும்.

கீட்டோன்களுக்கு, கீட்டோனுக்குச் சமமான மோல் அளவில் அசிட்டிக் அமிலம் சேர்த்தால் ஸ்டாப் வேகம் பிடிக்கும். சைக்ளோஹெக்சனோன் போன்றவை சுலபம். அசிட்டோஃபினோன் போன்ற அரோமாட்டிக் கீட்டோன்கள் நாள்கணக்கில் இழுக்கும். அப்படி இழுக்கும்போது ஸ்டாபின் அசிட்டாக்ஸி குழுவே வினையில் நுழைந்து அமீனில் எத்தில் ஒன்றையோ அசிட்டைல் ஒன்றையோ ஒட்டிவிடும். நிறை நிறமாலையில் தொடக்க அமீனைவிட 28 அல்லது 42 அலகு கூடுதலான சிகரம் தெரிந்தால் ஸ்டாபைக் கைவிட வேண்டிய நேரம் என்று பொருள்.

NaBH3CN: மூத்தவர், இன்னும் ஓய்வு பெறவில்லை

1971-இல் போர்ச், பெர்ன்ஸ்டைன், டர்ஸ்ட் மூவரும் இதை அறிமுகப்படுத்தினார்கள். சயனோ குழு எலக்ட்ரானை இழுப்பதால் இதுவும் மந்தமான ஹைட்ரைடுதான். ஆனால் ஸ்டாப் செய்ய முடியாத ஒன்றை இது செய்யும்: மெத்தனாலிலும் நீர் கலந்த கரைப்பானிலும் நிலைத்து நிற்கும். டைகுளோரோஈத்தேனில் கரையவே மறுக்கும் சர்க்கரைகள், அமினோ அமில உப்புகள் போன்றவற்றுக்கு இந்தக் குணம் தேவை.

எல்லாம் pH கையில்தான் இருக்கிறது. 6 முதல் 7 வரை வைத்தால் இமீன் புரோட்டானை ஏற்று இமினியமாகி ஒடுங்கும், கார்பனைல் பெரும்பாலும் தப்பிக்கும். 3 அல்லது 4-க்கு இறங்கினால் கார்பனைலும் ஒடுங்கத் தொடங்கும், தேர்ந்தெடுக்கும் திறமை போய்விடும். இன்னும் அமிலமானால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். காற்றிழுப்புப் பெட்டிக்கு வெளியே இதைத் தொடக் கூடாது. முடிந்ததும் கழிவில் அமிலம் ஊற்றுவதுதான் இதில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். விளைபொருளிலும் சயனைடு மிச்சம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மருந்துப் பொருள் செய்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். கரைப்பான் கட்டாயப்படுத்தினால் ஒழிய நான் இதை எடுப்பதில்லை.

ஓரிணைய அமீன்: மூன்றுமே தடுமாறும் இடம்

அம்மோனியாவை ஆல்டிஹைடோடு சேர்த்து ஓரிணைய அமீன் செய்வது எளிமையாகத் தோன்றும். உருவாகும் ஓரிணைய அமீனோ அம்மோனியாவைவிடத் துடிப்பானது. மிச்ச ஆல்டிஹைடைப் பிடித்துத் தானே ஈரிணைய அமீனாகிவிடும். NaBH3CN-உடன் அம்மோனியம் அசிட்டேட்டைப் பத்து மடங்கு போடுவதெல்லாம் இந்தப் போட்டியை அம்மோனியா பக்கம் சாய்ப்பதற்கான முயற்சி. ஸ்டாப் இங்கே இன்னும் மோசம். சைக்ளோஹெக்சனோனும் அம்மோனியம் அசிட்டேட்டும் போட்டால் பெரும்பாலும் டைசைக்ளோஹெக்சைலமீன்தான் வரும்.

எனவே போரோஹைட்ரைடு அலமாரியை மூடிவிட்டு வேறு பக்கம் பார்ப்பது நல்லது. தொழிற்சாலையில் அதிக அம்மோனியாவும் அழுத்த ஹைட்ரஜனும் நிக்கல் வினையூக்கியும் வைத்துச் செய்வார்கள். சிறிய அளவில் கீட்டோனை ஹைட்ராக்சிலமீனோடு சேர்த்து ஆக்சைமாக்கி, பிறகு அதை ஒடுக்கலாம். ஆக்சைமிலிருந்து இரண்டாம் அல்கைல் குழு சேர வாய்ப்பு குறைவு. இன்னொரு வழி, பென்சைலமீனை அம்மோனியாவின் இடத்தில் வைத்து ஈரிணைய அமீன் செய்து, பல்லேடியமும் ஹைட்ரஜனும் கொண்டு பென்சைலை வெட்டுவது. அதே காரணத்தால், N-பென்சைல் அமீனையே இலக்காக வைத்திருப்பவர் பல்லேடியம் ஹைட்ரஜனேற்றத்தை ஒடுக்கியாகப் பயன்படுத்தும்போது விழிப்பாக இருக்க வேண்டும். இமீன் ஒடுங்கியபின் வினையை நிறுத்தத் தவறினால் டொலுவீன் வரும்.

மெத்தில் மட்டும் தனிக் கதை. NH அமீனை N-மெத்தில் மூவிணைய அமீனாக்க ஃபார்மால்டிஹைடும் ஃபார்மிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்கும் எஷ்வைலர்-கிளார்க் முறை இன்னும் நன்றாகவே ஓடுகிறது. ஃபார்மிக் அமிலமே ஹைட்ரைடு தருகிறது, கார்பன் டைஆக்சைடு குமிழியாக வெளியேறுகிறது, குமிழி நின்றால் வினை முடிந்தது. மூவிணையத்தைத் தாண்டி நான்காவது மெத்தில் ஏறாது. ஆனால் ஓரிணைய அமீனில் ஒரே ஒரு மெத்திலோடு நிறுத்த இதைக் கேட்டால் அது கேட்காது, இரண்டும் ஏறிவிடும்.