பெட்ரோல் பில்லுக்கு ரீஃபண்ட் என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள்: டெலிவரி ஓட்டுபவர்கள் கவனிக்கவும்

பைக்கில் உணவு டெலிவரி செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் எங்கள் பகுதியில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கும் ஒருவர், "பெட்ரோல் பில் கொண்டு வா தம்பி, வண்டித் தேய்மானத்தையும் கழிச்சு ரீஃபண்ட் வாங்கித் தரேன்" என்று எங்கள் ஆட்களைப் பிடிக்கிறார். என்னிடம் தாக்கலுக்கு 500 ரூபாய், பெட்ரோல், தேய்மானம் கழிக்கத் தனியாக 1,500 ரூபாய் வாங்கினார். வர வேண்டிய 4,200 ரூபாய் இன்னும் வரவில்லை. பணம் முழுசாகப் போய்விடும் நிலையும் வந்தது.

2024-25 நிதியாண்டில் நிறுவனம் எனக்குக் கொடுத்தது, இன்சென்டிவ் உட்பட 4,20,000 ரூபாய். அதில் 1 சதவீதம், அதாவது 4,200 ரூபாய், டிடிஎஸ் ஆகப் பிடித்தார்கள். நம்மில் பலர் இதைச் சம்பளப் பிடித்தம் என்று நினைக்கிறோம், அது அப்படி இல்லை. வருமான வரி இணையதளத்தில் படிவம் 26ஏஎஸ் திறந்து பாருங்கள், பிரிவு 194சி என்று இருக்கும். அது ஒப்பந்த வேலைக்கான பிரிவு. சட்டத்தின் கண்ணில் நாம் ஊழியர் இல்லை, சொந்தத் தொழில் செய்கிறவர்கள். கணக்கு காட்ட வேண்டிய தொகையும் 26ஏஎஸ்ஸில் உள்ள முழுத் தொகைதான், பேக், டி-ஷர்ட், இன்சூரன்ஸ் என்று எல்லாம் பிடித்தது போக வங்கிக்கு வந்தது அல்ல.

அவர் என்ன செய்தார் என்றால், ஐடிஆர்-1 படிவத்தில் 4,20,000 ரூபாயையும் சம்பளம் என்று போட்டுவிட்டார். சம்பளம் என்று போட்டால் புதிய வரிமுறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு தானாகவே கழியும். கம்ப்யூட்டரில் அந்த 75,000-ஐக் காட்டி, "பாரு, உன் பெட்ரோலும் தேய்மானமும் கழிஞ்சாச்சு" என்றார். நான் கொண்டுபோன பில் கட்டை அவர் பிரித்தே பார்க்கவில்லை. அந்த 75,000 சம்பளக்காரர்களுக்கும் ஓய்வூதியக்காரர்களுக்கும் மட்டும் உரியது, பெட்ரோலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஐடிஆர்-1 படிவத்தில் தொழில் வருமானம் காட்டவே இடம் இல்லை.

194சி-யில் பிடித்த டிடிஎஸ்ஸைக் கேட்கிறோம், ஆனால் தொழில் வருமானம் எதையும் காட்டவில்லை. இந்த முரணைத் துறையின் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து, பிரிவு 139(9)-இன் கீழ் "குறைபாடுள்ள கணக்கு" என்று நோட்டீஸ் அனுப்பியது. 15 நாளில் திருத்தியிருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த ஆள் என் கணக்கில் தன்னுடைய மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் பதிந்து வைத்திருந்தார். நோட்டீஸ் அவருக்குத்தான் போனது, என்னிடம் சொல்லவே இல்லை. பதில் போகாததால் கணக்கு செல்லாததாகிவிட்டது. ரீஃபண்ட் ஏன் வரவில்லை என்று ஜனவரியில் போய்க் கேட்டால், "சர்வர் ஸ்லோ" என்றார். அதற்குள் தாமதக் கணக்கு தாக்கல் செய்வதற்கான கடைசி நாளான 2025 டிசம்பர் 31 தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு இருக்கும் ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த கணக்கில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

இந்த விவரமெல்லாம் பிறகு ஒரு ஆடிட்டர் மேடத்திடம் போனபோதுதான் தெரிந்தது. என் பில்களை வைத்து நிஜக் கணக்கையும் அவர் போட்டுக் காட்டினார். எனக்குக் கோபம் அதிகமானது அதைப் பார்த்த பிறகுதான்.

வருடம் முழுக்க வண்டி ஓடியது சுமார் 30,000 கிலோமீட்டர். அதில் 27,000 வேலைக்கு, மீதி சொந்த உபயோகம். எந்தச் செலவானாலும் 90 சதவீதத்தைத்தான் கழிக்கலாம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர், விலை 101 ரூபாய் என்று வைத்தால் பெட்ரோல் 60,600 ரூபாய், அதில் வேலைக்கு உரியது 54,540. தேய்மானம் நம் இஷ்டத்துக்குப் போடுவது அல்ல, பைக்குக்கு வருடம் 15 சதவீதம். 2023 ஏப்ரலில் 1,00,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி முதல் வருடம் கழித்து 85,000. இரண்டாம் வருடத் தேய்மானம் அந்த 85,000-இல் 15 சதவீதம், 12,750 ரூபாய். அதில் 90 சதவீதம் 11,475. டயர், ஆயில், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 14,000, நம் பங்கு 12,600. தவணை கட்டுகிறவர்கள் வட்டியை மட்டும்தான் செலவாகக் காட்டலாம், அசலைக் காட்ட முடியாது.

ஆகச் செலவு 78,615 ரூபாய், லாபம் 3,41,385. புதிய வரிமுறையில் அந்த வருடம் 7 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருந்ததால் வரி பூஜ்யம். ரீஃபண்ட் 4,200.

சரி, ஒரு பில்கூடக் காட்டாமல் இருந்தால்? பிரிவு 44ஏடி-யின்படி ஐடிஆர்-4 போட்டு, வங்கி வழியாக வந்த தொகையில் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். 4,20,000-க்கு அது 25,200 ரூபாய். பெட்ரோலும் தேய்மானமும் மீதியில் அடங்கிவிட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும், அதற்கு மேல் தனியாகக் கழிக்க முடியாது. அப்போதும் வரி பூஜ்யம், ரீஃபண்ட் அதே 4,200. பிடித்த டிடிஎஸ்ஸையும் அதற்கான சிறு வட்டியையும் தவிர ஒரு ரூபாய்கூடத் திரும்பி வர வழியே இல்லை. பெட்ரோல் பில்லால் ரீஃபண்டைப் பெரிதாக்குவேன் என்று நம் வருமானத்தில் இருக்கும் ஒருவரிடம் யாராவது சொன்னால், அது பொய்.

அதற்காக பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். 6 சதவீதம் என்பது குறைந்தபட்சம். உண்மை லாபம் அதைவிட அதிகம் என்றால் அதையே ஐடிஆர்-4 படிவத்தில் காட்டலாம். எனக்கு மேடம் சொன்னதும் அதுதான்: 3,41,385 காட்டினாலும் வரி இல்லை, நாளைக்கு வீட்டுக்கடனோ வண்டிக்கடனோ கேட்கும்போது வங்கி பார்ப்பது இந்த எண்ணைத்தான். வருட வருமானம் 25,200 என்று இருந்தால் யார் கடன் தருவார்கள்? அந்த உண்மை எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் பில்லும், மாதம் ஒருமுறை எடுத்து வைக்கும் ஓடோமீட்டர் போட்டோவும் வேண்டும்.

யாரிடமாவது கொடுத்துத் தாக்கல் செய்திருந்தால் இன்றே உள்ளே போய்ப் பாருங்கள். `My Profile` பக்கத்தில் மின்னஞ்சலும் எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும். `View Filed Returns` பக்கத்தில் உங்கள் கணக்கைத் தரவிறக்கினால் முதல் பக்கத்திலேயே படிவத்தின் பெயர் இருக்கும். டெலிவரி வருமானத்துக்கு ITR-1 என்று இருந்தால் தப்பு. `Pending Actions` கீழே `e-Proceedings` திறந்தால் பதில் போகாத நோட்டீஸ் தெரியும். கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

என்னைப் போலக் காலக்கெடு போய்விட்டவர்களுக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. பிரிவு 119(2)(பி)-இன் கீழ், தாமதத்தை மன்னித்துக் கணக்கை ஏற்கும்படி அதே இணையதளத்தில் `Condonation Request` மூலம் கேட்கலாம். நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டுதான் மதிப்பீட்டு ஆண்டு, அது முடிந்து 5 வருடம் வரை மனு போட முடியும். ஏன் தாமதம் என்பதற்கு உண்மையான காரணம் காட்ட வேண்டும். வேறொருவரின் மின்னஞ்சல் பதிந்திருந்ததைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட், அவருக்குப் பணம் அனுப்பிய யுபிஐ ரசீது, அவருடன் பேசிய வாட்ஸ்அப் உரையாடல், 26ஏஎஸ் நகல் ஆகியவற்றை நான் இணைத்திருக்கிறேன். மின்னஞ்சலை மாற்றும் முன்பே அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துவிடுங்கள், மாற்றிய பிறகு எடுக்க முடியாது. மனு இப்போது பரிசீலனையில் இருக்கிறது.